பொருள்: அவசரம் – பெற்றோர் போர்ட்டலில் பிறர் ரசீது திறக்கிறது, திருத்தத் தேதியும் தற்காலிகத் தடுப்பும் வேண்டும்

வணக்கம் சார்,

சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு துணைப்பாட நிலையத்திலிருந்து எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர் போட்ட ரசீது இணைப்பை ஒரு அம்மா தட்டியிருக்கிறார். "வேற பிள்ளையோட ரசீது எனக்குத் தெரியுதே" என்று நேற்று மாலை போன் செய்தார். சோதித்துப் பார்த்தோம், உண்மைதான்.

போர்ட்டலில் ரசீதைத் திறந்தால் முகவரி இப்படி வருகிறது:

```
/portal/receipt?id=20817
```

கடைசி எண்ணை 20818 என்று மாற்றி என்டர் தட்டினால் அடுத்தவர் ரசீது திறந்துவிடுகிறது. மாணவர் பெயர், பெற்றோரின் கைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கின்றன. லாகின் செய்யாவிட்டால் திறப்பதில்லை. ஆக, உள்ளே வந்தவர் யார் என்று சர்வர் பார்க்கிறது. ரசீது அவருடையதா என்று பார்ப்பதில்லை. எங்கள் சோதனைக் கணக்குகள் இரண்டில் மட்டும் செய்து பார்த்தோம். ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.

செட்டிங்ஸில் ரசீது மெனுவை அணைத்துவிட்டோம். பொத்தான் மறைந்ததே தவிர, முகவரியை நேராகத் தட்டினால் இன்னமும் திறக்கிறது. சர்வர் உங்கள் கையில் இருப்பதால் இதற்கு மேல் எங்களால் எதுவும் செய்ய முடியாது. அதனால் பெற்றோர் கணக்குகளுக்கு `/portal/receipt` பக்கத்தை இன்றே முழுவதுமாக அடைத்துவிடுங்கள். ரசீதுகளை நாங்கள் பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறோம். வேலை கூடும், பரவாயில்லை. எண்ணுக்குப் பதில் நீளமான குறியீடு வைப்பதைத் திருத்தம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இணைப்பு கைமாறினால் அதுவும் திறக்கத்தான் செய்யும். தேர்ச்சி அறிக்கைப் பக்கமும் இதே முறையில் எழுதப்பட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

அப்புறம், சர்வர் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள். எந்தக் கணக்கு எந்த ரசீதைத் திறந்தது என்ற விவரம் எங்களுக்கு வேண்டும். இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்திருந்தாலோ, பெரிய தீங்கு நேரக்கூடும் என்றாலோ ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று நாங்கள் முடிவுக்கு வந்த பிறகு 3 நாள்தான் அவகாசம். சனி, ஞாயிறும் அதில் அடங்கும். உங்கள் பதிவுகள் இல்லாமல் அந்த முடிவுக்கே வர முடியாது.

நிரந்தரத் திருத்தம் எந்தத் தேதியில் வரும்? "விரைவில்" என்ற பதிலை வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பேச முடியாது. முதல் தேதி கட்டண நாள் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் போர்ட்டலுக்கு வருவார்கள். அதற்கு முன் முடிந்தால் நல்லது, முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். நேரடித் தளத்தில் ஏற்றுமுன் சோதனைத் தளத்தில் எங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள்.

பக்கத்தை அடைத்த தகவலைச் சென்னை நேரம் மாலை 4 மணிக்குள் அனுப்புங்கள். இங்கே அப்போது 6.30, மாலை வகுப்புக்குப் பெற்றோர் வரும் நேரம். பேச வேண்டுமென்றால் இரவு 9 வரை அலுவலக எண்ணில் இருப்பேன்.

நன்றி.

கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்
துணைப்பாட நிலையம், சிராங்கூன் ரோடு