ஆட்டிய மாவும் அரைத்த மாவும்: இருபாதித் திரைக்கான திருத்திய எழுத்துப்படி

படத்தொகுப்பாளருக்கும் குரல் கொடுப்பவருக்கும்:

நம் மனையியல் துறையின் ஆண்டு மலரில் வந்த ‘கிரைண்டரா, மிக்ஸியா’ என்ற கட்டுரையை ஒன்பது நிமிடக் காணொளிக்காக மாற்றி எழுதியிருக்கிறேன். கட்டுரை கிரைண்டரின் பக்கம் சாய்ந்திருந்தது. ‘மிக்ஸி மாவில் இட்லி கல்லாகத்தான் வரும்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். படப்பிடிப்பன்று நாம் தின்ற இட்லியே அதைப் பொய்யாக்கிவிட்டது. ‘நேரமில்லாதவர்களுக்கு மிக்ஸி’ என்ற வரியும் போய்விட்டது. அது மிக்ஸியைப் பாராட்டுவதுபோலத் தொடங்கி, அதை வைத்திருப்பவரைச் சோம்பேறியாக்கிவிடுகிறது.

கிரைண்டர் இடப்பாதியிலும் மிக்ஸி வலப்பாதியிலும் கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும். முதல் மூன்று காட்சிகளில் குரல் இடப்பக்கத்திலிருந்தும், அடுத்த மூன்றில் வலப்பக்கத்திலிருந்தும் தொடங்கும். ஒவ்வொரு பாதியின் கீழும் இரண்டு எண்கள் ஓடும்: ஒன்று கடிகாரம், மற்றொன்று கைவேலை. ஆள் கை வைத்து வேலை செய்யும்போது மட்டும் இரண்டாவது எண் நகர வேண்டும். கட்டுரையில் இல்லாத இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நிறுவனப் பெயர்கள் இருபுறமும் மறைக்கப்பட வேண்டும்.

காட்சி 1: ஒரே படி, ஒரே உளுந்து

(திரை பிரியாமல் முழுதாக. ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டு கிண்ணங்களுக்கு உளுந்து அளக்கப்படுகிறது. நான்காம் வரியில் நடுக்கோடு விழுகிறது.)

குரல்: இட்லி அரிசி எண்ணூறு கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து இருநூறு கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இந்த அளவைத்தான் இரண்டு பக்கத்துக்கும் எடுத்திருக்கிறோம். அரிசி நான்கு மணி நேரமும், வெந்தயம் சேர்த்த உளுந்து ஒன்றரை மணி நேரமும் ஊறியிருக்கின்றன. ஒரே மூட்டை அரிசி, ஒரே குழாய்த் தண்ணீர். இடப்பக்கம் இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர். அதன் தகட்டில் போட்டிருக்கும் திறன் 150 வாட். வலப்பக்கம் 750 வாட் மிக்ஸி; அதில் ஒன்றரை லிட்டர் ஜார் பொருத்தப்பட்டிருக்கிறது.

காட்சி 2: எங்கிருந்து வந்தன

(ஒவ்வொரு பக்கத்துக்கும் பன்னிரண்டு வினாடி. ஒரு பக்கம் பேசப்படும்போது மறுபக்கம் உறைந்து நிற்கலாம், மங்கலாக்கக் கூடாது.)

குரல்: ஆட்டுக்கல்லில் கை சுற்றிய வேலையை மோட்டாரிடம் ஒப்படைத்தது வெட் கிரைண்டர். 1950களில் கோயம்புத்தூரில் உருவான இந்த இயந்திரத்துக்கு அந்த ஊரின் பெயரிலேயே புவிசார் குறியீடும் உண்டு. மென்மையானவற்றைக் கலக்க வந்த வெளிநாட்டு பிளெண்டர்கள் நம் பருப்பையும் மசாலாவையும் தாங்கவில்லை என்பதால், 1960களில் இந்தியாவில் வலுவான மோட்டாருடன் உருவானது மிக்ஸி. 2011இல் தமிழக அரசு விலையில்லாப் பொருள்களாக மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் ஒரே குடும்பத்துக்கு வழங்கத் தொடங்கியதால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சமையலறைகள் இங்கே ஏராளம்.

காட்சி 3: உளுந்து

(படத்தின் இதயம் இதுதான், இரண்டரை நிமிடம் விடவும். ஓட்ட வேகம் இருபுறமும் ஒன்றாக, அசல் ஒரு நிமிடம் திரையில் இரண்டு வினாடியாக இருக்க வேண்டும். முதலில் இரு இயந்திரங்களின் சத்தத்தையும் ஐந்தைந்து வினாடி தனித்தனியாக, பதிவான அளவிலேயே கேட்கவிடவும். மிக்ஸியின் இரைச்சலைக் குறைத்தால் அதற்குச் சலுகை, கூட்டினால் அநியாயம்.)

குரல்: இடப்பக்கம் கல் சுற்றுகிறது, குழவி உருள்கிறது. உளுந்து நசுங்கி, மெல்ல மெல்லக் காற்றை வாங்கிக்கொண்டு பொங்குகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கை தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஏறிய மாவைக் கரண்டியால் உள்ளே தள்ளினால் போதும். மற்ற நேரத்தில் ஆள் அங்கே நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்பதால், கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தாலும் கைவேலை எண் பெரும்பாலும் நின்றுதான் இருக்கிறது.

வலப்பக்கம் பிளேடு நசுக்குவதில்லை, வெட்டுகிறது. வேகத்தில் மாவு சீக்கிரம் சூடாகிவிடுகிறது. அதனால் உளுந்தை இரண்டு ஈடாகப் பிரித்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்த ஐஸ் தண்ணீரைச் சேர்த்து, ஒரு நிமிடம் ஓட்டி அரை நிமிடம் நிறுத்தி அரைக்கிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூடியைத் திறந்து, பக்கவாட்டில் ஒட்டியதை வழித்துவிட வேண்டியிருக்கிறது. இங்கே கைவேலை எண் கடிகாரத்தோடு கூடவே நடக்கிறது.

(நெருக்கக் காட்சி, இரு பக்கமும் ஒரே நேரத்தில்: கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், விரல் நுனியால் சுண்டைக்காய் அளவு மாவு எடுத்து விடப்படுகிறது.)

குரல்: பதம் வந்துவிட்டதா என்று பாட்டிமார் பார்க்கும் சோதனை இது. மாவு மிதந்தால் அதற்குள் காற்று இருக்கிறது என்று பொருள். இடப்பக்கத்து மாவு இருபத்தைந்தாம் நிமிடத்தில் மிதக்கிறது. வலப்பக்கத்து முதல் ஈடு ஆறாம் நிமிடத்திலேயே மிதக்கிறது; ஆனால் இன்னொரு ஈடு பாக்கியிருக்கிறது.

(தொகுப்பாளருக்கு: வலப்பக்கத்து மாவு முதல் தடவை மூழ்கி, இன்னும் ஒரு நிமிடம் ஓட்டிய பிறகுதான் மிதந்தது. மூழ்கியதையும் காட்டவும். இடப்பக்கத்தில் பதினைந்தாம் நிமிடத்தில் போட்டுப் பார்த்தபோது அதுவும் மூழ்கியது. அதையும் கண்டிப்பாகச் சேர்க்கவும். ஒன்றைக் காட்டி மற்றதை விட்டால் எழுத்துப்படி முழுதும் வீண்.)

குரல்: இரண்டு மாவையும் அளவுக்கோப்பையில் ஊற்றினால் கிரைண்டர் மாவு கொஞ்சம் உயரமாக நிற்கிறது. ஒரே அளவு உளுந்திலிருந்து கிரைண்டர் கூடுதல் மாவு காண்கிறது என்று வீடுகளில் சொல்வதற்கு இதுவே காரணம். ஐஸ் தண்ணீர் சேர்க்காமல் மிக்ஸியில் அரைத்திருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும். அப்படிச் செய்து அதை மிக்ஸியின் குணம் என்று காட்டுவது முறையாகாது.

காட்சி 4: அரிசி

(இனிக் குரல் வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நாற்பது வினாடி போதும்.)

குரல்: அரிசியில் மிக்ஸி தன் பலத்தைக் காட்டுகிறது. மூன்று ஈடுகள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். இட்லிக்கு வேண்டியது நைஸான மாவு அல்ல, விரலில் தேய்த்தால் சன்ன ரவை போல நெருடும் மாவு. விட்டுவிட்டு ஓட்டுவதால் அந்த இடத்தில் நிறுத்துவது மிக்ஸியில் எளிது. கிரைண்டருக்கு இருபது நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தைக் கவனிக்காமல் விட்டால் ரவைப் பதம் தாண்டி மாவு நைஸாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் அன்றைக்குத் தோசைதான்.

(இங்கே சிரிப்பொலி, இசை எதுவும் வேண்டாம்.)

காட்சி 5: கணக்கு

(இரு பாதியிலும் எண்கள் ஒரே எழுத்தளவில், ஒரே நிறத்தில். எது குறைவோ அதைப் பச்சையாக்கக் கூடாது.)

குரல்: வலப்பக்கத்தில் எல்லாம் முடிய இருபத்தொன்பது நிமிடம், அதில் கைவேலை இருபத்தாறு. இடப்பக்கத்தில் மாவை வழித்தெடுத்த நேரத்தையும் சேர்த்து ஐம்பத்து மூன்று நிமிடம். அதில் கைவேலை பதினான்கு. கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு மிக்ஸி வேகமானது. கையைப் பார்ப்பவருக்குக் கிரைண்டர் இலகுவானது. கல் சுற்றும்போது பக்கத்து அடுப்பில் குழம்பு வைக்கக்கூடியவருக்கு அந்த ஐம்பத்து மூன்று நிமிடம் நீளமாகத் தெரியாது. அரை மணியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியவருக்குக் கைவேலை எண் பொருட்டே இல்லை.

மின்சாரத்தில் பலர் எதிர்பார்க்கும் வித்தியாசம் இல்லை. தகட்டில் போட்டிருக்கும் திறனை வைத்துக் கணக்கிட்டால், 750 வாட் மிக்ஸியின் மோட்டார் மொத்தம் பதினான்கு நிமிடம் ஓடியதற்கு ஏறத்தாழ 0.18 யூனிட், 150 வாட் கிரைண்டர் நாற்பத்தைந்து நிமிடம் ஓடியதற்கு ஏறத்தாழ 0.11 யூனிட். இரண்டுமே கால் யூனிட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

(இருபுறமும் சிறு எழுத்தில், கடைசிவரை: ‘ஒரு நாள், ஒரு தடவை எடுத்த அளவு.’)

காட்சி 6: இரவும் காலையும்

(இரண்டு ஒரேமாதிரிப் பாத்திரங்கள், ஒரே அலமாரியில். வெளிச்சம் இரவாகி விடிகிறது. மாவின் மட்டத்தில் ஒட்டிய காகிதப் பட்டைகள் தெரிய வேண்டும்.)

குரல்: இனி இயந்திரத்துக்கு வேலை இல்லை. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் பெருகி, மாவைப் புளிக்கவைத்து, கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயு வெளியேறிவிடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் கொழகொழப்பும்தான். வலப்பக்கத்து மாவு பட்டைக்கு மேலே நன்றாக எழும்பியிருக்கிறது. இடப்பக்கத்து மாவு அதைவிட ஒரு விரல் கூடுதலாக எழும்பியிருக்கிறது.

(மூடி திறக்கும் காட்சி ஒரே நொடியில். இரண்டு இட்லிகளும் ஒரே கத்தியால் வெட்டப்படுகின்றன. வெட்டுமுகம் கேமராவைப் பார்க்கட்டும்.)

குரல்: பத்து நிமிட ஆவியில் இரண்டும் வெந்துவிட்டன. வலப்பக்கத்து இட்லியில் துளைகள் சற்றுச் சிறியவை. பிட்டால் மென்மையாகப் பிரிகிறது. இடப்பக்கத்து இட்லியில் துளைகள் பெரியவை. அழுத்திய விரலை எடுத்தால் மெல்ல எழுகிறது. சாம்பாரில் போட்டதும் இரண்டும் ஊறுகின்றன. இடப்பக்கத்து இட்லி இன்னும் கொஞ்சம் சீக்கிரம் ஊறுகிறது. பொடி தொட்டுச் சாப்பிடும்போது எங்களில் சிலருக்கு வித்தியாசம் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை.

காட்சி 7: குழாயடி

(கட்டுரையில் இது ஒரே வரியாக இருந்தது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் காத்திருப்பார்கள் என்பதால் ஒரு நிமிடம் கொடுக்கிறேன். மீண்டும் இடப்பக்கத்திலிருந்து.)

குரல்: மேசைக் கிரைண்டரின் பாத்திரத்தையும் குழவிகளையும் கழற்றித் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வர வேண்டும். கல்லின் கனம் கையிலும் இடுப்பிலும் தெரியும். முதுகுவலி உள்ளவருக்கும் வயதானவருக்கும் இது சிறிய விஷயம் அல்ல. குழவியின் அச்சில் மாவு தங்கிக் காய்ந்துவிட்டால், அடுத்த தடவை புளிப்பு வாடை வரும். மிக்ஸி ஜாரைக் கழுவுவது எளிது. ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் சிக்கிய மாவைத் தூரிகை விட்டுத்தான் எடுக்க வேண்டும். பிளேடு மழுங்கினால் சாணை பிடிக்கவோ மாற்றவோ நேரும். கிரைண்டரில் கல் வழவழத்துப்போனால் கொத்திக் கொடுக்கும் ஆளைத் தேட வேண்டும்.

(வலப்பக்கம் ஜார் கவிழ்த்து வைக்கப்பட்டதும் அந்தக் கடிகாரம் நிற்கிறது. இடப்பக்கம் இன்னும் குழவி கழுவப்படுகிறது. வலப்பாதியை அணைத்துவிட வேண்டாம். கவிழ்த்த ஜாரிலிருந்து தண்ணீர் சொட்டுவது அப்படியே தெரியட்டும். இடப்பக்கத்துக் கடிகாரமும் நின்ற பிறகு மூன்று வினாடி மௌனம் விட்டு, இரு பாதியும் ஒன்றாக இருளட்டும்.)