ரஜுலா

மயிலாடுதுறையில் அவள் படித்த பள்ளியில் ரஜுலா என்ற பெயரை எவரும் முழுதாகச் சொன்னதில்லை. ஆறாம் வகுப்பில் யாரோ ஒரு மாணவன் தொடங்கிவைத்த ‘ரசகுல்லா’ என்ற பட்டப்பெயர் ஒன்பதாம் வகுப்பு வரை அவளை விடாமல் தொடர்ந்து வந்தது. அவள் எழுந்து பதில் சொன்னால் பின்வரிசையிலிருந்து “ஜீரா சொட்டுது” என்று குரல் வரும். மதிய உணவு வேளையில் “ரெண்டு பிளேட்” என்று யாராவது விரலைக் காட்டுவார்கள். ஒருநாள் அவளுடைய மேசைமேல் காலியான ரசகுல்லா டப்பா ஒன்று கழுவாமல் வைக்கப்பட்டிருக்க, அதன் விளிம்பிலிருந்து வழிந்த பாகு கணக்கு நோட்டின் அட்டையில் பிசுபிசுவென்று ஒட்டி, எறும்பு மொய்த்தது. வகுப்பாசிரியை கண்டித்தார் என்பது உண்மைதான். ஆனால் கண்டிப்பதற்கு முன் அவரும் ஒரு கணம் சிரித்துவிட்டார். ரஜுலாவுக்கு மாணவர்களைவிட அந்தச் சிரிப்பின் மீதுதான் கோபம் அதிகம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் அடுத்த ஆண்டு தயாராகும் என்பதால், பெயரிலோ பிறந்த தேதியிலோ திருத்தம் இருந்தால் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும் என்று பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவிடம் அதை நீட்டி, ரஞ்சனி என்று மாற்றிவிடும்படி கேட்டாள். பெயரை அடியோடு மாற்றுவதென்றால் அரசிதழில் வெளியிட வேண்டும், அதற்குக் கட்டணமும் அலைச்சலும் உண்டு என்றெல்லாம் விளக்கிய அப்பா, கடைசியில், “அந்தப் பெயரை வைத்தது உன் அப்பாயி. ஒரு வார்த்தை அவர்களிடம் சொல்லாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன்” என்று முடித்துக்கொண்டார்.

அப்பாயி நாகப்பட்டினத்தில், வெளிப்பாளையத்து ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தவர், பேத்தி சொன்னதையெல்லாம் கையை நிறுத்தாமலே கேட்டார். ரசகுல்லா டப்பாவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த எழவுப் பெயரை எங்கிருந்து பிடித்தீர்கள் அப்பாயி? சாமி பெயரா, பூவின் பெயரா, ஒன்றுமில்லை. யாராவது அர்த்தம் கேட்டால் நான் என்ன சொல்வது?”

“கப்பல் பெயர் என்று சொல்,” என்றார் அப்பாயி.

கையைக் கழுவிவிட்டு வந்து அவர் சொன்ன கதை அவருடைய தாயாரிடமிருந்து அவருக்கு வந்தது. மலாயாவில், கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய தந்தை, தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதற்காக 1958-இல் பினாங்கில் கப்பல் ஏற்றிவிட்டார். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் பல பத்தாண்டுகள் போய்வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலின் பெயர் ரஜுலா. காசுள்ளவர்களுக்கு அறை, மற்றவர்களுக்கு மேல்தளம். பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பாயை விரித்து, பக்கத்துப் பாய்க்காரர்களுடன் ஊர்க்கதை பேசிக்கொண்டே வங்காள விரிகுடாவைக் கடக்க வேண்டியதுதான். நாகப்பட்டினம் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, எட்டு மாதம்கூட நிறையாத நிலையில், வலி கண்டுவிட்டது.

“நாலு பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்களாம். காற்றுக்குச் சேலை நிற்கவில்லையாம்; ஆளுக்கொரு மூலையாகக் காலால் மிதித்துக்கொண்டார்களாம். கப்பல் டாக்டரைக் கூப்பிடப் போன ஆள் திரும்பி வருவதற்குள், நாகூருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ராவுத்தர் வீட்டு அம்மா பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டது. அந்த அம்மாதான், கப்பல் கொடுத்த பிள்ளைக்குக் கப்பல் பெயரையே வையுங்கள் என்று சொன்னதாம். அந்தப் பிள்ளை நான்தான்.”

“உங்கள் பெயர் ராஜலட்சுமி அல்லவா?”

“அது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், இப்படி ஒரு பெயர் கிடையாது என்று சொல்லி, அவராகவே ராஜலட்சுமி என்று எழுதிக்கொண்டார். என் அம்மாவுக்குப் படிப்பு கிடையாது. எழுதினவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வந்துவிட்டாள். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அதுவே நிலைத்துவிட்டது. அம்மா மட்டும் சாகிறவரைக்கும் என்னை ரஜுலா என்றுதான் கூப்பிட்டாள்.”

1968-இல் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. அது கிடைக்காமல் ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கான தமிழர்களில் அப்பாயியின் தந்தையும் ஒருவர். அவர் வந்ததும் அதே கப்பலில்தான். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வருவதில்லை. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்க, ஆட்களையும் பெட்டிகளையும் படகில் இறக்கிக் கொண்டுவருவார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தெரிந்த படகுக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, அப்பாவை எதிர்கொண்டு அழைக்கிறேன் என்ற சாக்கில் அந்தக் கப்பலைப் பார்க்கப் போனாள். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். முகப்பில் பெரிய பெரிய ஆங்கில எழுத்துகள். பள்ளியில் அப்போதுதான் ஆங்கில எழுத்துகளைக் கற்றிருந்ததால், படகு ஆடிய ஆட்டத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாளாம்.

“அப்பாவைக்கூட நான் முதலில் பார்க்கவில்லை, ஆயி. ஆறு எழுத்தையும் படித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். அதற்குள் அவரே என்னைத் தாண்டிப் போய் வேறு படகில் இறங்கிவிட்டார்.” அப்பாயி இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அன்றிரவு ரஜுலா கைப்பேசியில் தேடியபோது கப்பலின் மிச்சக் கதையும் கிடைத்தது. 1926-இல் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களைச் சுமந்து, திரும்பவும் பயணிகளை ஏற்றிய அந்தக் கப்பலை 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே அதை உடைத்துவிட்டார்கள். குஜராத்தில் ரஜுலா என்றொரு ஊர் இருப்பதையும் வரைபடத்தில் கண்டாள். கப்பலுக்குப் பெயர் அங்கிருந்து போயிருக்கும் என்று அவளாகவே ஊகித்துக்கொண்டாள்.

“அப்பாயி, அந்தக் கப்பலுக்கும் கடைசியில் வேறு பெயர் வைத்துவிட்டார்கள், தெரியுமா?”

அது அப்பாயிக்குத் தெரியாது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. உனக்குப் பாரமாக இருந்தால் மாற்றிக்கொள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உனக்கு வைக்கும்போது நான் ஆசைப்பட்டுத்தான் வைத்தேன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்பியதும் அப்பா படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“புதுப் பெயர் ரஞ்சனிதானே? ‘ஞ்ச’வா, இல்லை...”

“பெயர் அதேதான் அப்பா. பள்ளிப் பதிவேட்டில் யாரோ ‘ரசுலா’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் ரசகுல்லாவே வந்தது. ‘ச’வை எடுத்துவிட்டு ‘ஜ’ போடச் சொல்லி எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் சரியாகத்தான் இருக்கிறது, அதன் நகலையும் வைத்துவிடலாம்.”

“திருத்தினால் மட்டும் கூப்பிடாமல் இருந்துவிடுவார்களா?”

“கூப்பிடுவார்கள்,” என்றாள் ரஜுலா. “நீங்கள் எழுதுங்கள்.”