வாட்ச் காட்டுற ஹார்ட் ரேட்ட எவ்வளவு நம்பலாம்?

எல்லாருக்கும் வணக்கம். செக்ரட்டரி சார் அஞ்சு நிமிஷம்தான்னு கறாரா சொல்லிட்டாரு, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஈசிஜி டெக்னீஷியனா இருந்தவன், டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுக்கிட்டு கேளுங்க.

வாட்ச கழட்டி பின்பக்கம் பாருங்க, பச்சை லைட் மினுக்கும். ரத்தம் பச்சை வெளிச்சத்த நல்லா உறிஞ்சிக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில ரத்தம் கூடிக் குறையுது, அதுக்கேத்த மாதிரி திரும்பி வர்ற வெளிச்சமும் மாறுது, அந்த ஏத்த எறக்கத்த வெச்சுதான் வாட்ச் கணக்கு போடுது. ஸ்ட்ராப் லூசா இருந்தாலோ, கை ஜில்லுனு இருந்தாலோ, கைய ஆட்டிக்கிட்டே நடந்தாலோ கணக்கு தப்பும். சில நேரம் நாம எடுத்து வைக்கிற அடியவே துடிப்புன்னு எண்ணிடும். அதனால திடீர்னு 150ன்னு காட்டுச்சுன்னா பதறாதீங்க, உக்காந்து ஸ்ட்ராப்ப இறுக்கிட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஆனா படபடப்பு, மயக்கம், மூச்சு வாங்குறதுன்னு ஏதாவது கூடவே இருந்தா இந்த காத்திருக்கிற வேலையெல்லாம் வேணாம், உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க.

அடுத்தது, 72 தான் நார்மல்னு ஒரு நெனப்பு. யாரு கெளப்பி விட்டாங்களோ! பெரியவங்களுக்கு சும்மா இருக்கும்போது 60ல இருந்து 100 வரைக்கும் நார்மல்னுதான் பொதுவா சொல்றது, தூங்கும்போது 50க்கு கீழ போறவங்களும் உண்டு. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி மாத்திர சாப்பிடுறவங்களுக்கு துடிப்பு கொறையத்தான் செய்யும், அந்த மாத்திரையோட வேலையே அதுதான். வாட்ச்ல 54ன்னு பாத்துட்டு நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, டக்குனு நிறுத்துறதுதான் ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட ஒப்பிடுறதும் வேணாம், போன மாசம் உங்களுக்கு எவ்வளவு இருந்துச்சு, இப்ப எவ்வளவுன்னு பாருங்க, அதுலதான் அர்த்தம் இருக்கு.

220ல இருந்து வயச கழிச்சா அதுதான் எல்லைன்னு வாக்கிங் போறவங்க சொல்வாங்க. அது சராசரி கணக்கு, ஒரே வயசுக்காரங்களுக்குள்ளயே பத்து இருபது முன்னப்பின்ன இருக்கும், நான் சொன்ன மாத்திர சாப்பிடுறவங்களுக்கு பொருந்தவே பொருந்தாது. நடக்கும்போது பேச முடியுதா, அப்ப வேகம் சரி, அவ்வளவுதான்.

ஹார்ட் ரேட் வேற, பிபி வேற. துடிப்பு 70 இருக்கும்போதே பிபி 180 இருக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம். வாட்ச்லதான் ஈசிஜி இருக்கே, ஹார்ட் அட்டாக் வந்தா காட்டிடும்ல? காட்டாது! ஆஸ்பத்திரில நாங்க எடுக்குறது 12 லீட், அதாவது இதயத்த 12 கோணத்துல பாக்குறது, வாட்ச்ல வர்றது ஒரே ஒரு கோணம். அத கண்டுபிடிச்சு சொல்றதுக்கு இத செய்யல, கம்பெனிக்காரங்களே வாட்சால ஹார்ட் அட்டாக்க கண்டுபிடிக்க முடியாதுன்னு தெளிவா போட்டிருக்காங்க, நாமதான் படிக்கிறதில்ல. நெஞ்ச அழுத்துது, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுது, குப்புனு வேர்க்குது, காரணமே இல்லாம மூச்சு வாங்குது, அப்ப வாட்ச் 75ன்னு காட்டி நார்மல்னு எழுதியிருந்தாலும் ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. சுகர் இருக்கிறவங்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே பெருசா இல்லாம வெறும் களைப்பு, குமட்டல்னு கூட வரும், கேஸ் ட்ரபிள்னு சொல்லி தட்டிக் கழிக்கிற நம்ம பழக்கம் இருக்கே, அதுக்கு வாட்ச்ல வர்ற நார்மல் ஒரு சாக்கா ஆயிடக் கூடாது.

அப்ப ஈசிஜி எதுக்குன்னு கேக்குறீங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு ஒண்ணு, இதயத்தோட மேல் அறை ஒழுங்கில்லாம படபடன்னு அடிச்சிக்கிறது, அங்க ரத்தம் கட்டியாகி மூளைக்கு போனா பக்கவாதம் வரும். வயசு ஏற ஏற இது அதிகம், நெறைய பேருக்கு தெரியாமலே வந்து வந்து போகும், இத பிடிக்கிறதுலதான் வாட்ச் நெஜமாவே உதவுது. அலர்ட் வந்தா தூக்கம் கெட வேணாம், தப்பாவும் வரலாம், ஆனா அழிச்சிடாம அந்த ரெக்கார்ட பிடிஎஃப்-ஆ சேவ் பண்ணி டாக்டர்கிட்ட காட்டுங்க. அலர்ட் வரலைன்னா பிரச்சன இல்லைன்னு அர்த்தமும் இல்ல, வாட்ச் நாள் பூரா இடைவிடாம பாத்துக்கிட்டு இருக்கிறதில்ல, விட்டு விட்டுதான் பாக்குது. பேஸ்மேக்கர் வெச்சவங்க இன்னொண்ணு, வாட்ச் சார்ஜர்ல காந்தம் இருக்கும், சட்டைப் பையில போட்டுக்காதீங்க.

போதும், இப்ப எல்லாரும் கட்டவிரலுக்கு கீழ மணிக்கட்டுல ரெண்டு விரல வைங்க, கட்டவிரலால அமுக்காதீங்க அதுக்கே நாடி இருக்கு. நான் கடிகாரத்த பாத்து ஒரு நிமிஷம் சொல்றேன், எண்ணிட்டு வாட்ச் நம்பரோட சரி பாருங்க, துடிப்பு ஒரே சீரா வருதா விட்டு விட்டு வருதான்னும் கவனிங்க. ரெடியா, ஆரம்பிங்க.