எங்கள் ஆலை: கண்காட்சிக் கையேட்டுக்கான தமிழ்

அண்ணா, வணக்கம். கையேட்டுக்கான தமிழ் கீழே இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைசிப் பகுதியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எங்களைப் பற்றி

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கத்தில் 1994 முதல் ஜவ்வரிசியும் கிழங்கு மாவும் தயாரிக்கிறோம். அப்பா தொடங்கியதை இப்போது பிள்ளைகள் நடத்துகிறோம். தென்கிழக்காசியாவில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து ஜவ்வரிசி எடுப்பார்கள். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது. கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் ஈர மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, சல்லடையில் அளவு பிரிக்கிறோம். அதை வறுத்தால் மாவு ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. இரண்டும் களத்து வெயிலில்தான் காய்கின்றன. வெளுப்பதற்கு ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை, அதனால் எங்கள் சரக்கு பளீர் வெள்ளையாக இருக்காது.

நாளொன்றுக்கு 8 டன் வரை தயாரிக்க முடியும். கிழங்கைப் பெரும்பாலும் ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம் வட்டார விவசாயிகளிடமே நேரடியாக வாங்குகிறோம். மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் விலை கொடுக்கிறோம். விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி செய்யும் மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும்தான் சரக்கில் பெரும்பகுதி போகிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்றிருக்கிறோம். ஐஎஸ்ஓ 22000 சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

அச்சுக்கு முன் பார்க்க

இங்கிலீஷில் 'கெமிக்கல் ஃப்ரீ' என்று இருந்தது. மேனேஜரிடம் கேட்டேன், வெளுப்பு மருந்து போடுவதில்லை என்பதற்கு மேல் அவரால் உறுதி சொல்ல முடியவில்லை, அதனால் அந்த அளவோடு நிறுத்திவிட்டேன். இங்கிலீஷ் பக்கத்தையும் அதற்கேற்ப மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே கையேட்டில் பக்கத்துக்கு ஒரு பேச்சாகிவிடும். '8 டன் வரை' என்பதில் 'வரை'யை இடம் போதவில்லை என்று டிசைனர் தூக்கிவிடப் போகிறார், விடாதீர்கள். 'நேரடியாக' என்பதற்கு முன்னால் வரும் 'பெரும்பாலும்' அதே மாதிரிதான். தட்டுப்பாட்டு மாதத்தில் புரோக்கர் மூலமும் வாங்குவதாக நீங்களே சொன்னீர்கள். உரிமத்தை 'அரசு அங்கீகரித்த தரம்' என்று உயர்த்த வேண்டாம். இந்த அளவில் உணவுத் தொழில் செய்ய அது எல்லாருக்கும் கட்டாயம். விண்ணப்பித்த சான்றிதழைப் பெற்றதாகவும் எழுதக் கூடாது, ஸ்டாலில் யாராவது நகல் கேட்டால் என்ன செய்வீர்கள்?

அப்புறம் புவிசார் குறியீடு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் கிடைத்தது உண்மை, ஆனால் அது ஊர்ச் சரக்குக்குக் கிடைத்தது. 'புவிசார் குறியீடு பெற்ற நிறுவனம்' என்ற வரியை அதனால்தான் விட்டுவிட்டேன். அதைப் பயன்படுத்தும் உற்பத்தியாளராக நீங்கள் பதிவு செய்திருந்தால் சான்றைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஒரு வரி சேர்த்துத் தருகிறேன்.