நல்வரவு, கயல்!

எங்கள் செயலிக் குழுவில் இந்த வாரம் கயல் சேர்ந்திருக்கிறார். அணுகல்தன்மைப் பொறியாளர் என்பது அவருடைய பொறுப்பு. மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்ய எங்கள் செயலியைத் திறக்கிறவர் கண்பார்வை இல்லாதவராக இருக்கலாம், கை நடுங்குகிறவராக இருக்கலாம். யாராக இருந்தாலும் பாதியில் மாட்டிக்கொள்ளாமல் தானே பதிவை முடிக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் கயல் வந்திருக்கிறார்.

திரையை இருட்டாக்கிவிட்டு, திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் சொல்வதை மட்டும் கேட்டபடி செயலியை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பார். ஒரு பொத்தானுக்கு நாங்கள் பெயர் கொடுக்க மறந்திருந்தால், திரைவாசிப்பான் அதை வெறும் "பொத்தான்" என்று மட்டும் படிக்கும். பதிவை உறுதி செய்யும் பொத்தானா, ரத்து செய்யும் பொத்தானா? கேட்பவருக்குத் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க அழகாக இருக்கும், பலரால் படிக்க முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். இதையெல்லாம் அளந்து பார்ப்பதும், நிரலில் திருத்துவதும் அவர் கையில்.

வந்த வாரமே எங்கள் நாட்காட்டித் திரையில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். காலியான நாள் பச்சை, நிரம்பிய நாள் சிவப்பு என்று நிறத்தை வைத்தே காட்டியிருந்தோம். இந்த இரண்டு நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர் என்ன செய்வார்? இப்போது ஒவ்வொரு நாளுக்கும் கீழே "காலி", "நிரம்பியது" என்ற சொல்லும் வருகிறது.

இந்தச் சோதனையை வெளியீட்டுக்கு முந்தின நாள் அவசரமாகச் செய்தால் போதாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். அதனால் வடிவமைப்புக் கூட்டத்திலேயே கயல் இருப்பார். தடை ஏதும் மிச்சமிருந்தால் வெளியீட்டை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

இந்தப் பதிவை வெளியிடும் முன் கயல் படித்துப் பார்த்துச் சரி சொன்னார். தன் படத்துக்குப் பதிலாகத் தன் வேலை தெரியட்டும் என்றார், எங்களுக்கும் அது பிடித்திருந்தது. அவருடைய தனிப்பட்ட கணக்கை இங்கே டேக் செய்யவில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். வாழ்த்துகளைக் கீழே எழுதுங்கள், அவரிடம் சேர்ப்போம். அப்புறம், எங்கள் செயலியில் எந்தத் திரை உங்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள். கயல் முதலில் படிக்க விரும்புவது அதைத்தான்.

கயல், நீங்கள் வந்ததில் எங்கள் எல்லாருக்கும் மனம் நிறைந்த மகிழ்ச்சி.

பட விவரம்: செயலியின் நாட்காட்டித் திரை, இரண்டு படங்கள் அருகருகே. இடப்பக்கம் நாட்கள் பச்சை, சிவப்பு நிறத்தில் மட்டும். வலப்பக்கம் ஒவ்வொரு நாளுக்கும் கீழே "காலி" அல்லது "நிரம்பியது" என்று எழுதியிருக்கிறது.

#நல்வரவு #அணுகல்தன்மை