கட்டிங் டேபிள்ல கத்துக் கொடுத்த அண்ணனுக்கு

வணக்கமுங்கண்ணா. பொறந்த நாள் வாழ்த்துங்க. இன்னிக்கோட 60 முடியுது உங்களுக்கு. போன்ல சொன்னா "செரி சாமி, வேலையப் பாரு"ன்னு வெச்சிருவீங்க, அதான் எழுதி அனுப்பறேன்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை தெரிஞ்சவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. ஆள் மேல பாயறதுக்கு முன்னாடி துணியப் பாரு, மெசினப் பாருன்னு சொல்லிக் குடுத்தது நீங்க மட்டுந்தானுங்க.

அந்த ஊசி விசயத்த எப்படி மறக்கறது? தோள்பட்டைத் தையல் ஓரமா பொடிப்பொடியா ஓட்டை விழுந்து செக்கிங்ல பீஸ் குமிஞ்சு போச்சு. லைன்ல தச்ச அக்காவ எல்லாரும் சத்தம் போட்டுட்டிருந்தாங்க. நீங்க பேசாமப் போய் ஓவர்லாக் மெசின்ல இருந்த ஊசியக் கழட்டி, மொனைய உங்க கட்டை விரல் நகத்து மேல மெதுவா இழுத்தீங்க. வெள்ளையா ஒரு கீறல் விழுந்துச்சு. என் நகத்துலயும் இழுத்துக் காட்டி, "மொனை மழுங்கிக் கொக்கி விட்டிருக்குது, நூல அறுக்குது"ன்னீங்க. ஊசிய மாத்துனதும் ஓட்டை நின்னு போச்சு. அப்புறம் அந்த அக்காகிட்டப் போய், "உன்ற மேல தப்பில்லம்மா"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பெரிய பாடம்.

ஜி.எஸ்.எம். கட்டர்ல வெட்டுன வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், 1.8 கிராம் நின்னா 180 ஜி.எஸ்.எம். இந்தக் கணக்கு எங்க வேணாலும் கத்துக்கலாம். நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஓரத்த விட்டுத் தள்ளி ஒவ்வொண்ணு வெட்டி, மூணு எடையும் ஒத்து வருதான்னு பாக்கோணும்ங்கறது உங்க டேபிள்ல கத்துக்கிட்டது. லைக்ரா போட்ட ரிப் துணிய ரோலப் பிரிச்சு ஒரு நாள் முழுக்க ஆற விடாம லே போடவே விடமாட்டீங்க. ஷிப்மென்ட் நெருங்கிருச்சுன்னு மெர்ச்சண்டைசர் தலைமாட்டுல நின்னாலும், "இழுபட்ட துணி வெட்டுனதும் சுருங்கும், அப்ப அளவுக்கு எங்க போவீங்க?"ன்னு ஒரே பதில்தான்.

2011-ல சாயப்பட்டறைகள மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டப்ப, துணி வராம டேபிளெல்லாம் காலியாக் கெடந்துச்சு. ஹெல்பர் பசங்களோட சனிக்கிழமை சம்பளத்துக்காக நீங்க மொதலாளி ரூம்ல எவ்வளவு நேரம் நின்னு பேசுனீங்கன்னு வெளிய நின்ன எனக்குத் தெரியும். நீங்க யார்கிட்டயும் சொல்லிக்கல. அன்னிக்கு வந்த சம்பளத்துலதான் எங்கூட்ல அரிசி வாங்குனோமுங்கண்ணா.

இப்ப புதுசா வர்ற பசங்க கையில நான் மொதல்ல குடுக்கறது ஒரு பழைய ஊசிதானுங்க. நகத்துல இழுத்துப் பாருன்னு சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் குடும்பத்தோட ஊட்டுக்கு வர்றோம். அம்மா ஒப்புட்டு சுட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்குது, அண்ணிகிட்ட இனிப்பு எதும் பண்ண வேண்டாம்னு சொல்லிருங்க.

உங்க தம்பி