தாமஸ் ஹார்டியின் ‘தி மேன் ஹி கில்டு’: கவிதை நயம் பாராட்டல் வினாத்தாள்

பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலம். மொத்தம் 30 மதிப்பெண். வீட்டில் எழுதி வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள்.

நேற்று குழுவில் அனுப்பிய ஃபோட்டோவைப் பெரிதாக்கி, கவிதையை இரண்டு முறை படித்துவிட்டு இந்தத் தாளுக்கு வாருங்கள். ஒரு முறையாவது வாய்விட்டுப் படியுங்கள். இது ஒருவன் பேசுகிற கவிதை, அதனால் காதில் விழுந்தால்தான் பாதி புரியும். முதலில் தமிழில் யோசித்து, தமிழிலேயே விடை எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதை அடுத்த வகுப்பில் சேர்ந்து பார்ப்போம்.

நூலகப் புத்தகத்தின் பக்கம் மடிந்திருந்ததால் படத்தின் நடுவில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. மூன்றாம் பத்தியின் முதல் வரி ‘பிகாஸ்’ என்ற சொல்லோடு முடியும் இடத்தில் ஒரு சின்னக் கோடு தெரிகிறதா? அதை நிழல் என்றோ அழுக்கு என்றோ நினைத்து விட்டுவிடாதீர்கள். கவிஞர் போட்ட கோடு அது. ஐந்தாம் கேள்வி முழுக்க அதைப் பற்றித்தான்.

சில சொற்கள் உங்களை ஏமாற்றும். நான்காம் பத்தியில் மேற்குறியோடு வரும் ‘லிஸ்ட்’ பட்டியல் அல்ல. ‘என்லிஸ்ட்’ என்பதன் பேச்சு வடிவம், அதாவது பட்டாளத்தில் சேர்வது. அதே பத்தியில் ‘டிராப்ஸ்’ என்றால் அவனிடம் இருந்த தட்டுமுட்டுச் சாமான்கள். கடைசிப் பத்தியில் வரும் ‘ட்ரீட்’ மருத்துவம் அல்ல, நண்பனுக்குக் காசு போட்டு வாங்கித் தருவது. ‘நிப்பர்கின்’ மது ஊற்றிக் குடிக்கும் சிறு அளவை. ‘ஹாஃப் எ கிரவுன்’ அந்தக் காலத்து இரண்டரை ஷில்லிங் நாணயம், எட்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு.

பின்னணியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஹார்டி 1840-இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போர் முடிந்த அதே 1902-இல் இந்தக் கவிதை வெளியானது. போரிலிருந்து ஊர் திரும்பிய ஒரு சிப்பாய், விடுதியில் உட்கார்ந்து தன் ஊர்க்காரர்களிடம் பேசுகிறான் என்ற குறிப்போடுதான் முதலில் அச்சானது. நம் படத்தில் அந்தக் குறிப்பு இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கரு

1. கவிதையில் நடப்பதை மூன்றே வரியில் உங்கள் சொந்தத் தமிழில் சொல்லுங்கள். வீட்டில் யாரிடமாவது கதையாகச் சொல்வதுபோல எழுதினால் போதும். (2)

2. கவிதைக்குள் பேசுபவன் ‘நான்’ என்றே சொல்கிறான். தலைப்பிலோ ‘அவன் கொன்ற மனிதன்’ என்று இருக்கிறது. ‘நான்’ எப்படி ‘அவன்’ ஆனான்? தலைப்பு யாருடைய குரல்? (3)

3. செத்தவன் எதற்காகப் பட்டாளத்தில் சேர்ந்திருப்பான் என்று பேசுபவன் நினைக்கிறான்? அது அவனுக்குத் தெரிந்த செய்தியா, ஊகமா? எந்தச் சொல்லால் அதை முடிவுசெய்தீர்கள்? இருவருக்கும் பொதுவானவற்றையும் குறிப்பிடுங்கள். (3)

தொனி

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ‘சோகமான தொனி’ என்று ஒரே சொல்லில் முடித்தால் மதிப்பெண் தர முடியாது. எந்த இடத்தில் குரல் மாறுகிறது, எந்தச் சொல் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்று எழுத வேண்டும்.

4. முதல் பத்தியில் பேசுபவனின் குரல் எப்படி இருக்கிறது? இரண்டாம் பத்திக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது? (2)

5. மூன்றாம் பத்தியில் ‘பிகாஸ்’ என்று சொல்லி நிறுத்துகிறான். அப்புறம் அடுத்த வரியை மறுபடி ‘பிகாஸ்’ என்றே தொடங்குகிறான். நடுவில் அந்தக் கோடு. அந்த ஒரு நொடியில் அவன் மனதில் என்ன ஓடியிருக்கும்? ‘நான் அவனைச் சுட்டேன், ஏன்னா... ஏன்னா...’ என்று நம் பேச்சில் சொல்லிப் பாருங்கள். காரணம் நிச்சயமாகத் தெரிந்தவன் இப்படி இழுப்பானா? (5)

6. ‘எதிரி’ என்ற சொல் கிடைத்ததும் ‘ஆமாம் அதுதான்’, ‘எதிரிதானே’, ‘இதில் என்ன சந்தேகம்’ என்ற பொருளில் அடுக்கிக்கொண்டே போகிறான். யாரை நம்பவைக்கப் பார்க்கிறான்? இவ்வளவு சொன்ன பிறகு பத்தியின் கடைசிச் சொல்லாக ‘ஆல்தோ’ வந்து நிற்கிறது, வாக்கியம் அடுத்த பத்திக்குள் வழிகிறது. அந்த ‘ஆனாலும்’ அங்கே நிற்பதால் முன்பு சொன்னவை என்ன ஆகின்றன? (4)

காட்சிப் படிமம்

7. இந்தக் கவிதையில் இரண்டே இடங்கள்: பழைய விடுதி ஒன்று, போர்க்களம் ஒன்று. இரண்டையும் கண்முன் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். போர்க்களத்தில் ரத்தம், அலறல், புகை எதுவும் சொல்லப்படவில்லை. செத்தவனின் முகம்கூட வர்ணிக்கப்படவில்லை. இருந்தும் காட்சி மனதில் நிற்கிறதா? நிற்கவில்லை என்று நினைத்தால் அப்படியே எழுதலாம், காரணம் வேண்டும். (4)

எப்படி எழுதுவது என்று காட்ட, இரண்டாம் பத்தியில் வரும் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ என்ற தொடரை மட்டும் எடுத்து நான் எழுதிப் பார்த்தேன்:

‘இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். விடுதியில் ஒரே மேசைக்கு உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் எதிரெதிரே பார்த்திருப்பார்கள். அங்கே கையில் கோப்பை இருந்திருக்கும், இங்கே துப்பாக்கி இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் அவனும் தன்னைப் போன்ற ஆள் என்று பேசுபவனுக்கு இப்போது தோன்றுகிறது.’

பாருங்கள், ‘படிமம் அருமை’ என்று நான் எங்கும் எழுதவில்லை. ஒரு தொடரைப் பிடித்தேன், அது எதை நினைவூட்டுகிறது என்று சொன்னேன். நீங்கள் வேறு தொடரை எடுங்கள்.

கவிஞர் சொல்ல வருவது

8. கடைசிப் பத்தியில் போரை ‘க்வெயின்ட் அண்ட் க்யூரியஸ்’ என்கிறான். விநோதமானது, விசித்திரமானது என்று பொருள். ஒரு மனிதனைக் கொன்றவன் பயன்படுத்தும் சொல்லா இது? அவனுக்கு வேறு சொல் தெரியாதா, பெரிய சொல்லைச் சொல்லப் பயப்படுகிறானா? அதுவரை ‘நான்’ என்றவன் இந்தப் பத்தியில் ‘நீ’ என்கிறான், ‘எதிரி’ என்ற சொல்லும் காணாமல்போய் வெறும் ஆள் ஆகிவிடுகிறது. இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். (3)

9. பேசுபவன் போரைத் தவறு என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. கவிஞர் சொல்கிறாரா? பேசுபவனுக்குப் புரிந்ததும் ஹார்டி நமக்குப் புரியவைப்பதும் ஒன்றுதானா? கவிதையிலிருந்து குறைந்தது இரண்டு இடங்களைக் காட்டி விடை எழுதுங்கள். (4)

ஒன்பதாம் கேள்விக்கு இதுதான் சரியான விடை என்று நான் ஒன்றை வைத்துக்கொண்டு திருத்தப்போவதில்லை. போன வருடம் ஒரு மாணவி, ‘அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, வெளியே சொன்னால் இரவு தூங்க முடியாது, அதனால்தான் விசித்திரம் என்று சொல்லிச் சமாளிக்கிறான்’ என்று எழுதினாள். நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை. முழு மதிப்பெண் கொடுத்தேன். கவிதையில் இருக்கும் சொல்லைக் காட்டிப் பேசினால் போதும், என் கருத்துக்கு நேர்மாறாகவும் எழுதலாம்.

இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தைப் பார்த்து எழுத வேண்டாம், ஐந்தாம் கேள்வியிலேயே தெரிந்துவிடும். படம் மங்கலாகத் தெரிகிறவர்கள் நாளை இடைவேளையில் வந்து புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் பத்தியை மட்டும் கையால் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டையும் சேர்த்து.